பக்கத்து இருக்கையில் கிடைக்கும் பாடம்

2010-ஆம் ஆண்டின் கடைசியில், ஷாங்காய் நகரிலுள்ள சி-ட்ரிப் என்ற பயண முன்பதிவு நிறுவனம் ஒரு சோதனையில் இறங்கியது. விமான டிக்கெட்டும் ஓட்டல் அறையும் பதிவு செய்து தரும் கால் சென்டர் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கவிட்டால் என்ன ஆகும்? விருப்பம் தெரிவித்தவர்களில் தகுதியான 249 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். பிறந்த தேதி இரட்டைப்படை என்றால் வாரத்தில் நான்கு நாள் வீடு, ஒற்றைப்படை என்றால் வழக்கம்போல அலுவலகம். ஒன்பது மாதம் இப்படி நடந்தது.

வீட்டிலிருந்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியது. இடைவேளையும் நோய் விடுப்பும் குறைந்ததால் அவர்கள் இருக்கையில் இருந்த நேரம் அதிகமானது. முக்கியக் காரணம் அதுதான். வேலையை விட்டுப் போகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். ஆய்வை நடத்திய குழுவில் ஒருவரான ஸ்டான்ஃபோர்டு பொருளியலாளர் நிக்கோலஸ் புளூமின் பெயர் உலகெங்கும் பரவியது இந்த எண்களால்தான்.

அதே ஆய்வில் அதிகம் பேசப்படாத ஒரு முடிவும் உண்டு. ஒரே அளவு திறமையாக வேலை செய்த இருவரை ஒப்பிட்டால், வீட்டில் இருந்தவருக்குப் பதவி உயர்வு கிடைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதிதான். மேலாளரின் பார்வையில் அவர் படவில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். டீம் லீடர் ஆகிறவருக்கு ஆட்களைப் பழகி நடத்தத் தெரிய வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டு அறையில் வராது என்பது இன்னொன்று. பதவி வந்தால் அலுவலகம் திரும்ப வேண்டுமே என்று சிலர் ஒதுங்கியும் இருக்கலாம். சோதனை முடிந்து, விருப்பம்போல இருக்கலாம் என்றபோது, வீட்டிலிருந்தவர்களில் பாதிப் பேர் அலுவலகத்துக்கே திரும்பினார்கள்.

பதவி பிந்துவது வெளியே தெரியும். கற்பது குறைவது எளிதில் தெரியாது. அதை அளந்து காட்டியது அமெரிக்கப் பெருநிறுவனம் ஒன்றின் மென்பொருள் பொறியாளர்களைப் பற்றிய ஆய்வு. நடாலியா இமானுவேல், எம்மா ஹாரிங்டன், அமாண்டா பல்லைஸ் ஆகிய மூவர் செய்தது. அந்த நிறுவனத்துக்குச் சில தெருக்கள் தள்ளி இரண்டு கட்டடங்கள். சில குழுக்களில் எல்லோருக்கும் ஒரே கட்டடம். சில குழுக்கள் இரண்டிலும் பிரிந்து கிடந்தன. ஒருவர் எழுதும் கோடைச் சக பொறியாளர்கள் படித்து, திருத்தமும் கேள்வியும் எழுதும் கோட் ரிவ்யூவை ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒரே கட்டடத்தில் இருந்தவர்களுக்கு இந்தக் குறிப்புகள் சுமார் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கிடைத்தன. கொரோனாவால் அலுவலகம் மூடப்பட்டதும் அந்தக் கூடுதல் பெரும்பாலும் மறைந்துபோனது. இத்தனைக்கும் குறிப்புகள் எழுதப்பட்டதெல்லாம் கணினியில்தான். முகம் பார்த்துப் பழகியவரின் கோடைத்தான் மனிதர்கள் பொறுமையாகப் படிக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. அதைக் கொடுப்பவர்கள் சீனியர்கள். பக்கத்தில் ஜூனியர் இருந்தால் அவர்கள் எழுதும் கோடு குறைகிறது. கற்பவருக்கும் உடனடி லாபம் இல்லை: சேர்ந்து உட்கார்ந்தவர்களின் சம்பள உயர்வு முதலில் மந்தமாகி, பிறகுதான் கூடியது. ஆகவே மாதாமாதம் வேலையின் அளவை மட்டும் பார்க்கும் நிறுவனத்துக்கு வீட்டு வேலையில் குறையே தெரியாது.

சென்னையிலும் இப்படி ஒரு சோதனை நடந்திருக்கிறது. டேட்டா என்ட்ரிக்குப் புதிதாக எடுத்தவர்களைக் குலுக்கலில் பிரித்ததில், வீட்டுக்குப் போனவர்களின் வேலை 18 சதவீதம் குறைவாக இருந்தது. இதில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நாளே தெரிந்தது. மீதி, அலுவலகத்தில் இருந்தவர்கள் வேகமாகக் கற்றுக்கொண்டதால் நாளடைவில் வந்தது.

அப்படியானால் ஐந்து நாளும் அலுவலகமா? தேவையில்லை. சி-ட்ரிப்பே 2021-இல் 1,612 பேரை வைத்து மறுபடி சோதித்தது. இம்முறை வீட்டுக்கு இரண்டு நாள் மட்டும். வேலையை விடுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பதவி உயர்வில் பாதிப்பே இல்லை. ஆனால் அவர்கள் பெரும்பாலும் முப்பதுகளின் நடுவில் இருந்த அனுபவசாலிகள். கல்லூரி முடித்து வந்தவருக்கு இது அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது.

இரட்டைக் கட்டட ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. குழுவில் ஒரே ஒருவர் தள்ளி இருந்தாலும், சேர்ந்திருக்கும் மற்றவர்களுக்குள்ளும் குறிப்புகள் குறைந்தன. அவர் ஒருவருக்காகக் கூட்டம் ஆன்லைனுக்குப் போய்விடுகிறது. டீம் லீட் பெங்களூரிலும் மற்றவர்கள் புனேயிலும் இருக்க, ஒரு ஃப்ரெஷர் தினமும் தாம்பரத்திலிருந்து சிறுசேரிக்குப் பஸ் ஏறிப் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவதில் இந்தப் பயன் எதுவும் கிடைக்காது.

எனவே முதல் வேலையில் சேர்கிறவர், ஆஃபர் லெட்டரில் கையெழுத்திடும் முன், வாரத்தில் எத்தனை நாள் வர வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், தன் வேலையைத் திருத்தப் போகிறவர் எந்த ஊரில், எந்தெந்த நாளில் வந்து உட்காருகிறார் என்றும் கேட்டுவிட வேண்டும்.