பத்துக்கு எத்தனை? சரி, ஏன்?

வண்டியை சர்வீஸ் விட்டு எடுத்துவந்த மறுநாள் போனில் ஒரு செய்தி வரும். எங்களை உங்கள் நண்பருக்கோ உறவினருக்கோ பரிந்துரைப்பீர்களா, 0 முதல் 10 வரை ஓர் எண் தாருங்கள் என்று. வங்கி, இன்சூரன்ஸ், ஓட்டல், ஆஸ்பத்திரி என்று எங்கே போய்வந்தாலும் இதே கேள்விதான் துரத்துகிறது.

இதைப் பரப்பியவர் ஃபிரெட் ரைக்ஹெல்ட் என்ற அமெரிக்கர். பெயின் என்ற ஆலோசனை நிறுவனத்தைச் சேர்ந்தவர். வாடிக்கையாளர் மனதை அறிய நீளமான கேள்வித்தாள்கள் தேவையில்லை, இந்த ஒரு கேள்வியே போதும், நிறுவனம் வளருமா என்பதையும் இது காட்டிவிடும் என்று 2003 டிசம்பரில் ஹார்வர்டு பிசினஸ் ரிவியூ இதழில் எழுதினார். 9, 10 போடுகிறவர்கள் நம்மைப் பற்றி நாலு பேரிடம் நல்லபடியாகச் சொல்பவர்கள். 0 முதல் 6 வரை போடுகிறவர்கள் குறை சொல்பவர்கள். 7, 8 போடுகிறவர்களைக் கணக்கில் எடுப்பதில்லை. முதல் கூட்டத்தின் சதவீதத்திலிருந்து இரண்டாம் கூட்டத்தின் சதவீதத்தைக் கழித்தால் வருவதுதான் நெட் ப்ரமோட்டர் ஸ்கோர். அது மைனஸ் 100 முதல் பிளஸ் 100 வரை எங்கும் இருக்கலாம்.

மேலாளர்களுக்கு இது பிடித்துப்போனதில் வியப்பில்லை. ஒரே எண், ஒரே கழித்தல். ஆனால் அந்தக் கழித்தலில் என்னவெல்லாம் காணாமல் போகிறது என்று பாருங்கள்.

மூன்று சர்வீஸ் சென்டர்கள், ஒவ்வொன்றிலும் 100 பேர் பதில் சொன்னதாக வைத்துக்கொள்வோம். முதலாவதில் 60 பேர் ஆகா என்கிறார்கள், 40 பேர் திட்டுகிறார்கள். இரண்டாவதில் 40 பேர் பாராட்டு, 20 பேர் திட்டு, மீதி 40 பேர் நடுவில். மூன்றாவதில் 20 பேர் பாராட்டு, 80 பேர் நடுவில், திட்டுவதற்கு ஆளே இல்லை. மூன்றுக்கும் மதிப்பெண் 20. முதல் கடையில் தீ எரிகிறது, மூன்றாவது கடை யாருக்கும் பெரிதாக நினைவில் நிற்கவில்லை. இரண்டுக்கும் ஒரே வைத்தியம் செய்ய முடியாது.

இன்னொன்று, 0 போட்டு ஆத்திரத்தில் இருந்தவரை நீங்கள் மெனக்கெட்டு 6 வரை கொண்டுவந்தாலும் ஸ்கோர் அசையாது. 6 போட்டவர் 7 போட்டால் உடனே ஏறும். பத்துக்கு எட்டு என்றால் நல்ல மார்க் என்று நம்பி வளர்ந்தவர்கள் நாம். அந்த எட்டை இந்தக் கணக்கு தூக்கி ஓரமாக வைத்துவிடுகிறது.

ஏற்ற இறக்கமும் சொல்லத்தக்கது. மேலே சொன்ன இரண்டாவது கடையின் 20 என்பது 100 பேரிடம் மட்டும் கேட்டுக் கிடைத்தது. வேறு 100 பேர் பதில் சொல்லியிருந்தால், கடையில் எதுவுமே மாறாத நிலையிலும், 5 வந்திருக்கலாம், 35 வந்திருக்கலாம். போன மாதம் 22, இந்த மாதம் 17, ஏன் குறைந்தது என்று கூட்டம் போட்டு ஊழியர்களை வறுத்தெடுப்பதில் அர்த்தமே இல்லை. அந்த எண்ணோடு ஊக்கத்தொகையும் கட்டப்பட்டிருந்தால் நடப்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். "சார், கால் வரும், பத்து போட்டுடுங்க" என்று சாவியைக் கொடுக்கும்போதே கேட்டுவிடுவார்கள். அப்போது அந்தப் பத்து வண்டி வேலைக்கானது அல்ல, அந்தப் பையன் மீதான இரக்கத்துக்கானது.

வளர்ச்சியை முன்கூட்டிச் சொல்லும் என்ற வாதமும் நிலைக்கவில்லை. டிமோத்தி கெய்னிங்ஹாமும் சக ஆய்வாளர்களும் 2007இல் ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங் இதழில் வெளியிட்ட ஆய்வில், வாடிக்கையாளர் திருப்தியை அளக்கும் மற்ற முறைகளைவிட இது மேலானது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

அப்படியானால் கேள்வியைத் தூக்கி எறிந்துவிடலாமா? வேண்டாம். அதை வாசல்படியாக வைத்துக்கொள்ளலாம். எண்ணைப் போட்ட கையோடு கேட்க வேண்டியது, "ஏன் இந்த எண்?" பதிலுக்குக் காலியிடம் விட வேண்டும். "தாமதம், விலை, பணிவு" என்று நாமே பட்டியல் கொடுத்தால், நமக்கு ஏற்கனவே தெரிந்ததையே திருப்பி வாங்கிக்கொள்வோம். அடுத்தது, "எதை இன்னும் நன்றாகச் செய்திருக்கலாம்?" இதைக் குறை சொன்னவர்களிடம் மட்டுமல்ல, பத்து போட்டவர்களிடமும் கேட்க வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான்.

காரணத்தை ஒரு கணக்கில் பார்ப்போம். ஒரு சர்வீஸ் சென்டரில் 100 பதில்கள். 45 பேர் 9, 10 போட்டவர்கள், 30 பேர் நடுவில், 25 பேர் குறை சொல்பவர்கள். ஸ்கோர் 20. இரண்டாவது கேள்விக்கு வந்த பதில்களைப் பிரித்தால், வண்டி கொடுக்கத் தாமதமானது என்று 45 பேர் எழுதியிருக்கிறார்கள். பில் எஸ்டிமேட்டைத் தாண்டியது, முன்னால் போன் செய்து கேட்கவில்லை என்று 18 பேர். வெறுமனே எண்ணினால் தாமதம்தான் முதல் பிரச்சினை. மேலாளர் இன்னும் இரண்டு மெக்கானிக்கை வேலைக்கு எடுப்பார்.

இப்போது அதே பதில்களை மூன்று கூட்டமாகப் பிரித்துப் பாருங்கள். தாமதத்தைச் சொன்னவர்கள் பத்து போட்டவர்களில் 20 பேர், நடுவில் 13 பேர், குறை சொன்னவர்களில் 12 பேர். எங்கும் பாதிக்குச் சற்றுக் குறைவு. தாமதம் எல்லோரும் முணுமுணுப்பது, ஆனால் அது யாரையும் பத்திலிருந்து நாலுக்குத் தள்ளவில்லை. பில் விஷயம் அப்படியில்லை. அந்த 18 பேரில் 14 பேர் குறை சொன்ன கூட்டத்தில் இருக்கிறார்கள். நடுவில் 3 பேர், பத்து போட்டவர்களில் ஒரே ஒருவர். ஆளை விரட்டுவது இதுதான். செய்ய வேண்டியதும் சின்ன வேலை, எஸ்டிமேட்டுக்கு மேல் போகும் எந்த வேலையையும் வண்டிக்காரரிடம் போனில் கேட்காமல் தொடக் கூடாது என்ற விதி. பத்துக்காரர்களிடம் கேட்காமல் விட்டிருந்தால் இந்த வித்தியாசமே கண்ணில் பட்டிருக்காது.

மூன்றாவது கேள்வி கொஞ்சம் குறும்பானது. "பரிந்துரைப்பீர்களா?" என்பது வரப்போவதைப் பற்றிய ஊகம். "கடந்த மூன்று மாதத்தில் எங்களைப் பற்றி யாரிடமாவது சொன்னீர்களா? என்ன சொன்னீர்கள்?" என்பது நடந்ததைக் கேட்பது. பத்து போட்டவர்களில் யாரிடமும் வாயே திறக்காதவர்கள் பலர் இருப்பார்கள். ஏழு போட்டவர் தன் மைத்துனரை அழைத்துவந்து விட்டிருப்பார். சொன்ன வார்த்தைகளும் முக்கியம். "கொஞ்சம் லேட்டாகும், ஆனா ஏமாத்த மாட்டாங்க" என்ற ஒரு வரியில் இருப்பது பத்து விளம்பரத்தில் இருக்காது.

குறைந்த எண் போட்டவர்களிடம் மட்டும் கூடுதலாக, "உங்களை அழைத்துப் பேசலாமா?" என்று கேட்கலாம். கேட்டால் கட்டாயம் அழைக்க வேண்டும், அதுவும் எண்ணை மாற்றச் சொல்வதற்காக அல்ல. அழைக்க ஆளில்லாவிட்டால் இந்தக் கேள்வியைத் தொடவே வேண்டாம்.

பரிந்துரை என்பதே பொருந்தாத இடங்களும் உண்டு. இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவையான என்.ஹெச்.எஸ். 2013 ஏப்ரலில் இதே பாணியில், எங்கள் வார்டை நண்பருக்கும் குடும்பத்தாருக்கும் பரிந்துரைப்பீர்களா என்று நோயாளிகளிடம் கேட்கத் தொடங்கியது. மாரடைப்பு வந்தவர் ஆம்புலன்ஸ் கொண்டுபோய் இறக்கிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறார், இதில் சிபாரிசு எங்கே வந்தது? கூட்டிக் கழிக்கும் மதிப்பெண்ணை 2014இல் கைவிட்டு, பரிந்துரைப்போரின் சதவீதத்தை வெளியிட்டார்கள். பிறகு 2020இல் பரிந்துரைக் கேள்வியையே எடுத்துவிட்டு, எங்கள் சேவையில் உங்கள் அனுபவம் மொத்தத்தில் எப்படி இருந்தது என்று கேட்கத் தொடங்கினார்கள். கூடவே, அந்தப் பதிலுக்குக் காரணத்தையோ, எதை இன்னும் நன்றாகச் செய்திருக்கலாம் என்பதையோ நோயாளி தன் வார்த்தையில் எழுத இடம் விட்டார்கள். அப்படி எழுதுவதை அந்த வார்டிலேயே வேலை பார்ப்பவர்கள் உட்கார்ந்து படித்தால்தான் பயன். "ராத்திரி வலி மருந்துக்கு மணி அடிச்சா யாரும் வரல" என்பது எந்த ஷிஃப்ட், எந்தக் கட்டில் வரிசை என்று அவர்களுக்குத்தான் தெரியும்.