ஆபீஸ் வாடகையைக் குறைக்கச் சொல்லி எப்படிக் கேக்கறது?

"பிசினஸ் டல் சார், கொஞ்சம் குறைச்சுக்கோங்க"ன்னு மட்டும் சொன்னா, ஓனர் எதை வெச்சு முடிவெடுப்பார்?

ஒரு சின்ன ஆபீஸ்னு வெச்சுக்கோங்க. மாச வாடகை 60,000. வருமானம் 5 லட்சத்துல இருந்து 3 லட்சத்துக்கு இறங்கிடுச்சு. அதுல வாடகையோட பங்கு 12 சதவீதமா இருந்தது, இப்போ 20. ஜிஎஸ்டி ரிட்டர்னைக் காட்டி, "ஆறு மாசத்துக்கு மட்டும் 48,000 வாங்கிக்க முடியுமா சார்?"னு கேளுங்க. அவருக்கு மொத்தமா குறையறது 72,000. நீங்க காலி பண்ணி, இடம் ரெண்டு மாசம் சும்மா கிடந்தாலே 1,20,000 போயிடும். இதை நீங்க சொல்லாதீங்க, மிரட்டற மாதிரி ஆயிடும். அவரே கணக்குப் போடுவார்.

ஒத்துக்கிட்டா, குறைச்ச பணம் தள்ளுபடியா, இல்ல பின்னாடி தரணுமான்னு எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுடுங்க. அது இல்லன்னா, காலி பண்ணும்போது அட்வான்ஸ்ல பிடிச்சுடலாம்.