கடலலை ஆற்றல் நகர்வுக் கணிப்பில் வருதிசை வேறுபாட்டு முறையின் நிலைப்பு எல்லை: கூரண்ட் எண் ஒன்றைக் கடக்கும்போது நிகழ்வன

ஆய்வுச்சுருக்கம்

கடலலை ஆற்றலின் நகர்வைக் கணினியில் கணிக்கப் பயன்படும் எளிய முறைகளுள் ஒன்று 'அப்விண்ட்' எனப்படும் முதல்வரிசை வருதிசை வேறுபாட்டு முறை. இதன் வெளிப்படை வடிவம் கூரண்ட் எண் ஒன்றைத் தாண்டாத வரையில் மட்டுமே நிலைப்புடையது. இவ்வெல்லை எங்கிருந்து எழுகிறது, இருபரிமாண வலையில் அது எவ்வாறு இறுகுகிறது, மீறப்பட்டால் பிழை எந்த உருவில் வெளிப்படுகிறது, ஏன் சிலவேளை வெளிப்படாமலே போகிறது என்பவற்றை இந்தியப் பெருங்கடலுக்கான கால் பாகை வலை ஒன்றைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வருதிசை முறை, கூரண்ட் எண், நிலைப்புத்தன்மை, குழுத் திசைவேகம், எண்வழி விரவல்.

முன்னுரை

தென்பெருங்கடலின் புயல்களில் பிறக்கும் நீண்ட அலைகள், தம்மை எழுப்பிய காற்றைவிட்டு விலகிப் பல நாட்கள் பயணம் செய்து இந்தியாவின் தென்கரையை அடைகின்றன. இவற்றை இங்குத் தொலைவலைகள் எனக் குறிப்போம். இவை எப்போது, எவ்வளவு ஆற்றலுடன் வந்துசேரும் என்பதை அலைநிறமாலை மாதிரிகள் கணிக்கின்றன. 1988இல் வெளியிடப்பட்ட 'வாம்' எனும் மூன்றாம் தலைமுறை மாதிரி, ஆற்றலை நகர்த்துவதற்கு முதல்வரிசை வருதிசை முறையையே கையாண்டது. அம்முறை எளியது, கூரண்ட் எல்லைக்குள் நிற்கும்வரை ஆற்றலை எதிர்க்குறி எண்ணாக மாற்றாதது. அந்த எல்லையே இக்கட்டுரையின் பொருள்.

முறையும் அதன் எல்லையும்

ஒரே அதிர்வெண்ணும் ஒரே திசையும் உடைய அலைகளின் ஆற்றலை E என்க. அது குழுத் திசைவேகம் c உடன் கிழக்கு நோக்கி நகர்கிறது. கட்ட இடைவெளி Δx, காலப்படி Δt எனில், அலை எத்திசையிலிருந்து வருகிறதோ அத்திசையிலுள்ள அண்டைக் கட்டத்தை மட்டும் நோக்கி வேறுபாடு எடுப்பது வருதிசை முறை:

```
E_new[i] = (1 - C)*E[i] + C*E[i-1]
C = c*Δt/Δx
```

C என்பதே கூரண்ட் எண். ஒரு காலப்படிக்குள் அலை எத்தனை கட்டங்களைக் கடக்கிறது என்பதே அதன் பொருள். C ஒன்றுக்கு மிகாதபோது புதிய மதிப்பு இரண்டு பழைய மதிப்புகளின் எடையிட்ட சராசரியாகிறது. எனவே அது அவ்விரண்டிற்கும் இடையிலேயே அமையும், எல்லை மீறிப் பெருக வழியில்லை. C ஒன்றைத் தாண்டியவுடன் முதல் எடை எதிர்க்குறி பெறுகிறது. சராசரி எடுத்தல் என்பது புறவெட்டு நீட்சியாக மாறுகிறது.

இதன் ஆழ்ந்த காரணத்தை 1928இல் கூரண்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி ஆகிய மூவரும் 'மாதமாட்டிஷே அன்னாலன்' இதழில் எழுதிய கட்டுரையில் காட்டினர். அவர்கள் கணினிக்காக எழுதவில்லை. வகைக்கெழுச் சமன்பாடுகளுக்குத் தீர்வு உண்டு என்பதை வேறுபாட்டுச் சமன்பாடுகளின் வழியே நிறுவுவதே அவர்தம் நோக்கம். அவர்களுடைய வாதம் இது. ஒரு புள்ளியின் உண்மைத் தீர்வு, கடந்த காலத்தில் எந்த இடத்தைச் சார்ந்துள்ளதோ அந்த இடம் எண்வழி முறை எட்டிப்பார்க்கும் பரப்பினுள் அடங்க வேண்டும். C = 1.5 எனில், இப்போது இங்கு வரும் அலை ஒரு படிக்கு முன் ஒன்றரைக் கட்டம் பின்னால் இருந்தது. முறையோ ஒரு கட்டம் மட்டுமே பின்னோக்கிப் பார்க்கிறது. தனக்கு வேண்டிய செய்தியைப் பாராமலே விடை சொல்லும் முறை சரியான விடையை நோக்கிக் குவிய இயலாது.

ஒற்றைக் கட்டச் சோதனை

எல்லை மீறலைக் கைக்கணக்கிலேயே காணலாம். ஒரு கட்டத்தில் மட்டும் ஆற்றல் 1, ஏனையவற்றில் சுழியம் எனத் தொடங்கி C = 1.5 எனக் கொள்வோம். முதற்படியின் முடிவில் மதிப்புகள் −0.5, 1.5. இரண்டாம் படியில் 0.25, −1.5, 2.25. மூன்றாம் படியில் −0.125, 1.125, −3.375, 3.375. குறிகள் அடுத்தடுத்து மாறுகின்றன. குறி நீக்கிய கூட்டுத்தொகை 1, 2, 4, 8 என இரட்டிக்கிறது. இரு கட்ட நீளமுள்ள மிகக் குறுகிய அலைவடிவின் பெருக்கக் காரணி |1 − 2C| என்பதும் இங்கு 2 ஆவதைக் காண்க.

ஆனால் குறியுடன் கூட்டினால் ஒவ்வொரு படியிலும் விடை சரியாக 1. இருபது படிகள் கழித்துக் குறி நீக்கிய தொகை பத்து இலட்சத்தைத் தாண்டிய நிலையிலும் மொத்த ஆற்றல் 1 ஆகவே இருக்கும். மொத்த ஆற்றல் காக்கப்படுகிறது என்பதை நிலைப்புக்குச் சான்றாகக் காட்டும் வழக்கம் ஆய்வேடுகளில் உண்டு. இம்முறையைப் பொறுத்தவரை அது சான்றாகாது. பார்க்க வேண்டியது வலையின் மிகச்சிறு மதிப்பை. அது சுழியத்துக்குக் கீழிறங்கினால் எல்லை மீறப்பட்டுள்ளது.

இதைவிட ஏமாற்றக்கூடிய நிலை ஒன்றுண்டு. ஆற்றல் எதிர்க்குறியாக இருக்கலாகாது என்பதால், நிரல் எழுதுவோர் சிலர் ஒவ்வொரு படியின் முடிவிலும் எதிர்க்குறி மதிப்புகளைச் சுழியமாக்கிவிடுகின்றனர். மேற்கண்ட சோதனையில் அவ்வாறு செய்தால் 1, 1.5, 2.25, 3.375 என ஒற்றைக் கூர்முகடு அழகாக முன்னேறும். அலைவுகள் இரா, படத்தில் குறையேதும் தெரியாது. ஆயினும் முகடு படிக்கு ஒரு கட்டமே நகர்கிறது. உண்மை அலையோ ஒன்றரைக் கட்டம் நகர வேண்டும். ஆற்றலோ படிக்கு ஒன்றரை மடங்காகி, இருபதாம் படியில் 3,300 மடங்கைக் கடந்துவிடும். அறிகுறியை மறைத்து நோயை வளர்ப்பதாகவே இத்திருத்தம் அமைகிறது.

இந்தியப் பெருங்கடல் வலை

இனி 60° தெற்கிலிருந்து வடகரை வரை விரியும் கால் பாகை வலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆழ்கடலில் குழுத் திசைவேகம் g/(4πf). அதிர்வெண் குறையக் குறைய வேகம் கூடுமாதலின், காலப்படியை முடிவுசெய்வது மிகக் குறைந்த அதிர்வெண்ணே. வாம் மாதிரியின் வழக்கமான முதல் அதிர்வெண்ணாகிய 0.0418 ஹெர்ட்சுக்கு c ஏறத்தாழ நொடிக்கு 18.7 மீட்டர். கால் பாகை என்பது நிலநடுக்கோட்டில் 27.8 கி.மீ. காலப்படியை 20 நிமிடம் எனக் கொண்டால் C = 0.81. எல்லைக்குள் உள்ளது என்றே தோன்றும்.

இரண்டு காரணங்களால் இம்முடிவு தவறு. முதலாவது, நெடுங்கோடுகள் துருவத்தை நோக்கி நெருங்குகின்றன. 60° தெற்கில் கிழக்கு மேற்கு இடைவெளி பாதியாகி 13.9 கி.மீ. ஆவதால் C 1.61 ஆகிறது. கிழக்கு நோக்கிய அலைக்கு 36° தெற்கிலேயே எல்லை கடக்கப்பட்டுவிடும். தொலைவலைகள் பிறக்கும் கடற்பரப்பு பெரும்பாலும் அதற்குத் தெற்கேதான் உள்ளது. இரண்டாவது, இருபரிமாணத்தில் இரு திசைகளையும் ஒரே படியில் கணித்தால் நிபந்தனை Cx + Cy ≤ 1 என்பதாகும். மூலைவாட்டில் செல்லும் அலைக்கு நிலநடுக்கோட்டிலேயே 0.57 + 0.57 = 1.14. ஆக, இவ்வலையில் 20 நிமிடப் படி எந்த அகலாங்கிலும் எல்லாத் திசைகளுக்கும் பொருந்துவதன்று. 60° தெற்கில் மிகக் கடுமையான திசையைக் கொண்டு கணக்கிட்டால் உச்சவரம்பு ஏறத்தாழ 11 நிமிடம். நடைமுறையில் 10 நிமிடம் கொள்ளலாம்.

பிழை எப்போது கண்ணுக்குத் தெரியும்?

எல்லை சிறிதளவே மீறப்படும்போது பிழை உடனே தோன்றுவதில்லை. 20 நிமிடப் படியில் 40° தெற்கில் கிழக்கு நோக்கிய அலைக்கு C = 1.05. குறுகிய அலைவடிவின் பெருக்கக் காரணி 1.1. தொடக்கப் புலம் சீராக இருப்பின், பிழை எண்களின் முழுமையாக்கலிலிருந்தே, அதாவது இரட்டைத் துல்லியத்தில் 10⁻¹⁶ அளவிலிருந்தே முளைக்க வேண்டும். அது 1ஐ எட்ட ஏறத்தாழ 390 படிகள், ஐந்தரை நாட்கள் ஆகும். மூன்று நாள் சோதனை ஓட்டத்தின் முடிவில் அது 10⁻⁷ அளவில்தான் இருக்கும், எவரும் ஐயுறார். ஒற்றைத் துல்லியத்தில் அதே நிரல் இரண்டரை நாட்களுக்குள் குலைந்துவிடும். கணினியை மாற்றியதால் கோளாறு வந்தது எனக் கருதப்படும் நிகழ்வுகள் சிலவற்றின் பின்னணி இதுவாக இருக்கக்கூடும். புயலின் விளிம்பு, கரையோரம் போன்ற கூரிய மாற்றங்கள் இருந்தால் காத்திருப்பு இன்னும் குறையும்.

ஆய்வு மாணவர் பலர் தடுமாறும் மற்றோரிடமும் இங்கு உண்டு. மேற்கு எல்லையில் உள்வரவு கொடுக்கப்பட்ட முடிவுள்ள வலைக்கு இம்முறையை அணியாக எழுதினால் அதன் ஐகன் மதிப்புகள் அனைத்தும் 1 − C ஆகும். C = 1.05 எனில் −0.05, பிழை விரைந்து மடியும் என்றும், C இரண்டு வரை செல்லலாம் என்றும் அது சொல்வதுபோல் தோன்றும். அது வலையை விட்டுப் பிழை முழுதும் வெளியேறிய பின்னரான நிலையை மட்டுமே கூறுகிறது. குறுகிய அலைவடிவம் படிக்கு ஏறத்தாழ 0.95 கட்டம் வீதம் கிழக்கே நகர்ந்தவாறே வளர்கிறது. 390 படிகள் வளர ஏறத்தாழ 370 கட்டங்கள் போதும். ஆப்பிரிக்காவின் தென்முனைக்கும் தாஸ்மானியாவுக்கும் இடையே கால் பாகையில் 500 கட்டங்கள் உள்ளன. எனவே நிலைப்பை ஐகன் மதிப்பால் அன்றி, ஃபூரியர் பெருக்கக் காரணியால் மதிப்பிடுவதே முறை.

காலப்படியைக் குறைப்பதன் விலை

எல்லையை அஞ்சிக் காலப்படியை மிகவும் குறைத்துக்கொள்வதும் தீர்வன்று. வருதிசை முறை உண்மையில் இல்லாத விரவல் ஒன்றைத் தீர்வில் சேர்க்கிறது. அதன் கெழு (cΔx/2)(1 − C). C ஒன்றை நெருங்கும்போது அது மறைகிறது. சுழியத்தை நெருங்கும்போது பெருமமாகிறது. மேற்கூறிய தொலைவலை 60° தெற்கிலிருந்து கன்னியாகுமரி நோக்கி ஏறத்தாழ 7,500 கி.மீ. வடக்கே வர 4.6 நாட்கள் ஆகும். 10 நிமிடப் படியில் இக்கெழு நொடிக்கு 1,55,000 சதுர மீட்டர். ஒரு கூரிய அலைத்தொகுதி கரையை அடையும்போது அதன் திட்டவிலக்கம் ஏறத்தாழ 350 கி.மீ. ஆகும். காலக்கணக்கில் வருகை நேரம் முன்னும் பின்னும் ஐந்து மணிக்கு மேல் மங்குகிறது. காலப்படியை 1 நிமிடமாக்கினால் விலக்கம் 447 கி.மீ. ஆக உயர்கிறது, மங்கல் ஆறரை மணியைத் தாண்டுகிறது. பத்து மடங்கு கணிப்புச் செலவில் கிடைப்பது மேலும் மங்கிய விடை.

இதனாலேயே 'வேவ்வாட்ச் III' மாதிரி நகர்வுக்கெனத் தனிக் காலப்படி வைத்து, விரைந்து செல்லும் தாழ் அதிர்வெண்களுக்குச் சிறு படியும் ஏனையவற்றுக்குப் பெரும்படியும் கொள்கிறது. கட்டங்கள் மிகச் சிறிதாகும் கரையோரப் பகுதிக்கென உருவான 'ஸ்வான்' மாதிரி வெளிப்படை முறையையே விட்டு உள்ளுறை முறைக்குச் சென்றது. அங்குக் கூரண்ட் எல்லை நிலைப்பைக் கட்டுப்படுத்துவதில்லை, துல்லியத்தை மட்டும் பாதிக்கிறது. கால் பாகை வலையில் வருதிசை முறையையே தொடர்வோர் செய்யத்தக்கது, ஒவ்வோர் அகலாங்குக்கும் ஒவ்வொரு திசைக்கும் Cx + Cyஐக் கணித்து, அதன் பெருமம் 0.9 அளவில் நிற்குமாறு காலப்படியைத் தேர்ந்து, அப்பெருமத்தையும் வலையின் மிகச்சிறு ஆற்றல் மதிப்பையும் ஓட்டத்தின் பதிவேட்டில் படிதோறும் எழுதிவைப்பதாகும்.