காணாமல் போன 1.77

தாளில் ஒரு கோடு வரைவோம். 0-இல் தொடங்கி 10 வரை சீராக ஏறும் நேர்கோடு. X எவ்வளவோ, உயரமும் அவ்வளவே. ஆனால் x = 3 என்ற இடத்தில் மட்டும் ஊசிபோல ஒரு முகடு 1000 உயரத்துக்கு எழும்பி, அதே வேகத்தில் இறங்கிவிடுகிறது. கோட்டுக்குக் கீழே மொத்தப் பரப்பு எவ்வளவு? பைத்தானில் பலரும் நம்பிப் பயன்படுத்தும் `quad` கட்டளையிடம் கேட்போம்.

```python
from math import exp
from scipy.integrate import quad

def f(x):
    return x + 1000*exp(-((x-3)/0.001)**2)

print(quad(f, 0, 10))
```

விடை 50. கூடவே, பிழை இவ்வளவுக்கு மேல் போகாது என்று ஒரு மதிப்பீடும் வருகிறது: சுமார் 5.5e-13. அதாவது தசமப் புள்ளிக்குப் பின் பன்னிரண்டு பூஜ்யங்கள் கடந்த பிறகுதான் சந்தேகமே. எச்சரிக்கை எதுவும் இல்லை.

இப்போது பேனாவை எடுப்போம். நேர்கோட்டுக்குக் கீழே இருப்பது ஒரு முக்கோணம்: பாதி × 10 × 10 = 50. முகட்டின் பரப்புக்கும் வழி உண்டு. உயரத்தை, அது பாதியாகக் குறையும் இடத்தில் உள்ள அகலத்தால் பெருக்கினால் தோராய விடை கிடைக்கும். இங்கே அந்த அகலம் 0.001665, ஆயிரத்தால் பெருக்கினால் 1.665. துல்லியமாக வேண்டுமென்றால் காஸ் வளைவின் சூத்திரம் இருக்கிறது: 1000 × 0.001 × √π = 1.77245. ஆக, சரியான விடை 51.77245. கணினி சொன்ன 50 என்பது வெறும் முக்கோணம். முகடு முழுவதும் விட்டுப்போயிருக்கிறது.

ஏன்? `quad` கோடு முழுவதையும் பார்ப்பதில்லை. முதலில் 21 இடங்களில் மட்டும் உயரத்தை அளக்கிறது. 3-க்கு இருபுறமும் மிக அருகில் உள்ள இடங்கள் 2.83, 3.53. முகடோ 3-இலிருந்து 0.01 தள்ளிப்போனாலே இருந்த சுவடு தெரியாமல் அழிந்துவிடும். வயலில் 21 இடங்களில் கோல் ஊன்றிப் பார்த்தவர், இரண்டு கோல்களுக்கு நடுவே நிற்கும் ஒற்றைப் பனையைக் காணவில்லை.

பிழை மதிப்பீடு ஏன் எச்சரிக்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. 21 அளவுகளை வைத்து ஒரு விடை, அவற்றிலேயே 10 அளவுகளை மட்டும் வைத்து இன்னொரு விடை என்று கணக்கிட்டு, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து பிழை மதிப்பிடப்படுகிறது. வேறுபாடு பெரிதாக இருந்தால் இடைவெளியைப் பிளந்து நுணுக்கமாகத் தேடும். இங்கே இரண்டு விடைகளும் நேர்கோட்டை மட்டுமே கண்டவை. எனவே ஒத்துப்போயின, தேடல் அங்கேயே நின்றது. இரண்டு சாட்சிகளும் ஒரே ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு தடயம் உண்டு. `full_output=1` என்று சேர்த்துக் கேட்டால், சார்பு எத்தனை முறை அளக்கப்பட்டது என்பதை `neval` சொல்லும். இங்கே வருவது 21. முகடு இருக்கிறது என்று தெரிந்த கணக்கு முதல் சுற்றிலேயே முடிந்தால், முகட்டை அது பார்க்கவில்லை என்றே பொருள்.

சரி, முகடு இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டால்? `points=[3]` என்று கொடுத்துப் பாருங்கள். அப்போதும் 50-தான்! இடைவெளி 3-இல் பிளக்கப்படுகிறது. ஆனால் அளவிடங்கள் இடைவெளியின் விளிம்பைத் தொடுவதில்லை. 0 முதல் 3 வரையிலான துண்டில் கடைசி அளவிடம் 3-க்கு 0.0065 முன்பே நின்றுவிடுகிறது. அங்கே முகடு தரையோடு தரையாகிவிட்டது. `points=[2.99, 3.01]` என்று முகட்டை இருபுறமும் வேலி கட்டிக் கொடுத்தால்தான் 51.77245 வருகிறது.

இது வகுப்பறைக்காகச் செய்த வேடிக்கையல்ல. யுரேனியம்-238 அணுக்கரு, 6.67 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள நியூட்ரான்களை மிக வலுவாக விழுங்குகிறது. அந்த முகட்டின் இயல்பான அகலம் 0.03 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைவு. பல லட்சம் எலக்ட்ரான் வோல்ட் வரை நீளும் ஆற்றல் வரம்பில் அதைத் தவறவிடுவது எளிது. விட்டால் உலையின் கணக்கே மாறிப்போகும்.

முகடு எங்கே என்று தெரியாதபோது, சம இடைவெளியில் உயரத்தை அளந்து பார்க்கலாம். அந்த இடைவெளி, எதிர்பார்க்கும் முகட்டின் அகலத்தைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். நம் கணக்குக்கு 0.001 என்று வைத்தால் பத்தாயிரம் அளவுகள். கணினிக்கு அது கண்ணிமைக்கும் நேரம். ஆனால் எதிர்பார்க்கும் அகலம் எவ்வளவு என்பதைக் கணினி சொல்லாது. அளக்கும் பொருளை அறிந்தவர்தான் சொல்ல வேண்டும்.