சட்டிக்கு ஒரு மண், அகலுக்கு ஒரு மண்

மானாமதுரைப் பக்கம் ஒரு வேளார் வீட்டுப் பெண். சக்கரத்தில் கை பழகியதும், தானே குழம்புச் சட்டி வனைய ஆசைப்பட்டு, கண்மாயில் வழுவழுப்பான களிமண்ணாகப் பார்த்து எடுத்துவந்தாள். மண் சொன்னபடி கேட்டது. ஆனால் நிழலில் காயும்போதே பாதிச் சட்டிகளின் அடியில் கீறல் விழுந்தது. தப்பியவை சூளையில் நன்றாகவே வெந்தன. அவற்றில் ஒன்றை அடுப்பில் ஏற்றிய சற்று நேரத்தில் ‘டிக்’ என்றொரு சத்தம். அடியிலிருந்து விளிம்பு வரை ஒரே கோடாக விரிசல் ஓடியிருந்தது.

விரிசலைத் தடவிப் பார்த்த அப்பா, “இது விளக்கு மண்ணு தாயி, அடுப்புக்கு ஆகாது” என்றார்.

காரணம் மண்ணின் நைசில் இருக்கிறது. நுண்ணிய களிமண் தண்ணீரை நிறையப் பிடித்து வைத்துக்கொள்ளும். காயும்போது அந்த அளவுக்குச் சுருங்கவும் செய்யும். அதனால்தான் முதல் கீறல். அடுப்பில் நடப்பது வேறு. தீ படும் அடிப்பக்கம் சட்டென்று விரிகிறது, மேல்பக்கம் விரியாமல் நிற்கிறது. இந்த இழுபறியில் பிறக்கும் சிறு விரிசல், நெருக்கமான மண்ணில் தடையின்றி ஓடிவிடும். மணல் கலந்த மண்ணிலோ, மணலைச் சுற்றியுள்ள நுண்துளைகளில் மாட்டி நின்றுவிடும்.

அடுத்த முறை நாலு பங்கு களிமண்ணுக்கு ஒரு பங்கு சலித்த ஆற்று மணல் சேர்த்து மிதித்தாள். அடியை உருண்டையாகவும் ஒரே கனமாகவும் தட்டினாள். கனம் மாறுகிற இடத்திலும் கூர்மையான மடிப்பிலும்தான் வெப்பம் முதலில் வேலையைக் காட்டும். அந்தச் சட்டிகள் அடுப்பில் நின்றன.

அந்த உற்சாகத்தில் மிச்ச மண்ணில் அகல் விளக்கும் செய்தாள். ஏற்றி வைத்த விளக்கின் அடியில் எண்ணெய் வட்டமாகக் கசிந்தது. திரி வைக்கும் மூக்கும் சொரசொரப்பாகப் பிசிறடித்தது. சட்டியைக் காப்பாற்றிய அதே துளைகள் அகலின் எண்ணெயைக் குடித்துவிட்டன. அகலில் சுடர் மூக்கின் நுனியில் மட்டுமே எரிகிறது. உடம்பு பெரிதாகச் சூடாவதில்லை. ஆக, அதற்கு மணலின் காவல் வேண்டாம். உருவமும் சிறிது என்பதால் சுருக்கத்தையும் தாங்கிக்கொள்ளும். முதலில் ஒதுக்கிய களிமண்ணையே தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, தெளியவிட்டு எடுத்த வண்டலில் அவள் வனைந்த அகல்களில் கசிவு வெகுவாகக் குறைந்தது.

ஆனாலும் மெருகு பூசாத எந்த மண்பாண்டமும் கொஞ்சம் உறிஞ்சத்தான் செய்யும். புது அகலைச் சில மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்து ஏற்றினால், துளைகளில் நீர் நிற்பதால் எண்ணெய் குறைவாக இறங்கும். புதுச் சட்டியில் முதலில் வடிகஞ்சியைக் காய்ச்சினால் கஞ்சிப் பசை துளைகளை அடைக்கும். வாங்கும்போது சட்டியின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள்: மணல் நெருடினால் அடுப்புக்கு ஏற்ற மண். சுண்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் விரிசலோ அரைவேக்காடோ இருக்கும், வாங்காதீர்கள்.