மூன்றாவது திருத்தத்துக்கு யார் காசு?

மதுரையில் ஓர் இனிப்புக் கடை. அதன் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களை மாதம் 15,000 ரூபாய்க்குக் கவனித்துக்கொள்ள, தனியாகத் தொழில் செய்யும் மார்க்கெட்டிங்காரர் ஒருவர் ஒப்புக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்க ஒப்பந்தம் போதும். ஆனால் அதில் உள்ள எல்லாமே எண்ணிப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

முதலில் வேலை. 'மாதம் 12 போஸ்டர், 4 ரீல்ஸ், கேப்ஷன் தமிழில், பலகாரப் படங்களைக் கடை தரும்' என்று எழுதலாம். எது சேராது என்பதையும் அடுத்த வரியிலேயே எழுதிவிட வேண்டும்: போட்டோ எடுப்பது, கமென்ட்டுகளுக்குப் பதில் போடுவது, விளம்பரச் செலவு. விளம்பரக் கணக்கு கடையின் பெயரிலேயே இருந்து, பணமும் கடையின் கார்டிலிருந்தே போவது நல்லது. இல்லாவிட்டால் விளம்பரத்துக்குக் கொடுத்த பணம் எது, கூலி எது என்ற குழப்பம் வரும்.

தகராறு பெரும்பாலும் திருத்தத்தில்தான் தொடங்கும். தீபாவளி போஸ்டரைப் பார்த்து முதலாளி நிறத்தை மாற்றச் சொல்வார். மாற்றியதும் அவர் தம்பி விலையை மாற்றச் சொல்வார். மறுநாள் மகனுக்கு எழுத்துரு பிடிக்காது. 'இரண்டு திருத்தம்' என்று மட்டும் எழுதியிருந்தால் இங்கே உதவாது. எது ஒரு திருத்தம் என்பதையே சொல்ல வேண்டும்:

'ஒரு போஸ்டருக்கு இரண்டு சுற்றுத் திருத்தம். கடையின் சார்பில் ஒருவர் எல்லா மாற்றங்களையும் தொகுத்து ஒரே செய்தியில் அனுப்பினால் அது ஒரு சுற்று. மூன்று வேலை நாளுக்குள் பதில் வராவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளப்படும். கூடுதல் சுற்றுக்கு 300 ரூபாய்.'

மார்க்கெட்டிங்காரர் விலையைத் தவறாக அடித்திருந்தால் அதைத் திருத்துவது கணக்கில் வராது. ஒப்புதல் கொடுத்த பிறகு, மைசூர்பாகுக்குப் பதில் மிக்சரைப் போடச் சொன்னால் அது புதிய போஸ்டர். இந்த இரண்டையும் எழுதிவைத்தால் இரு தரப்புக்கும் நியாயம்.

பணத்துக்குத் தேதி வேண்டும். மாதம் 1ஆம் தேதி 7,500 முன்பணம், 25ஆம் தேதி மீதி. ஏழு நாள் தாமதமானால் வேலை நிற்கும். மார்க்கெட்டிங்காரர் உத்யம் பதிவு செய்திருந்தால், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டமும் துணைக்கு வரும். ஒப்பந்தத்தில் என்ன தேதி எழுதினாலும், வேலையை ஏற்றுக்கொண்ட 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல மும்மடங்கு கூட்டுவட்டி.

ஆனாலும் 7,500 ரூபாய்க்காக வழக்கு, மனு என்று அலைந்தால் நேரம்தான் கரையும். சின்ன ஒப்பந்தத்தில் நிஜமான பாதுகாப்பு, வேலை தொடங்கும் முன் கணக்கில் ஏறிய முன்பணம்தான்.