சுவரோரம் உடையாத உத்தரம்

சுவரில் ஒரு முனை பதிந்து, மறுமுனை வெளியே நீளும் உத்தரத்தின் நுனியில் எடையைத் தொங்கவிட்டால், அது சுவரோரத்தில்தான் முறியும் என்று நினைப்போம். உத்தரம் முழுக்க ஒரே ஆழமாக இருந்தால் அது சரிதான். வளைக்கும் திருப்புத்திறன் என்பது எடையையும் அதிலிருந்து உள்ள தூரத்தையும் பெருக்கினால் கிடைப்பது. அது சுவரோரத்தில்தான் உச்சம். ஆனால் நுனியை நோக்கிச் சரிவாக இழைத்த உத்தரத்தில் கணக்கு மாறலாம்.

2 மீட்டர் நீளமும் 100 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட மர உத்தரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் ஆழம் சுவரோரம் 300 மி.மீ., நுனியில் 100 மி.மீ. நுனியில் 3 கிலோநியூட்டன், அதாவது சுமார் 300 கிலோ எடை தொங்குகிறது. உத்தரத்தின் சொந்த எடையை விட்டுவிடுவோம்.

சுவரோரத்தில் மரத்தின் மேல்விளிம்பில் ஏற்படும் தகைவு, சதுர மில்லிமீட்டருக்கு 4 நியூட்டன். நடுவில் திருப்புத்திறன் சரிபாதிதான். ஆனால் அங்கே தகைவு 4.5 நியூட்டன். நுனியிலிருந்து அரை மீட்டரில் திருப்புத்திறன் கால்பங்காகக் குறைந்தும், தகைவு சுவரோரத்தில் உள்ள அதே 4 நியூட்டன்.

வளைவைத் தாங்கும் திறன் ஆழத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதே காரணம். ஆழம் மூன்றில் இரண்டு பங்கானால், திறன் ஒன்பதில் நான்கு பங்காகிவிடும். சுமை பாதியாகும் இடத்தில் திறன் பாதிக்கும் கீழே போய்விடுகிறது.

நுனிச் சுமைக்கு எல்லா இடத்திலும் ஒரே தகைவு வரவேண்டுமானால், உத்தரத்தின் விளிம்பு பரவளையமாக வளைய வேண்டும் என்று கலிலியோ 1638இல் வெளியான நூலில் விளக்கியிருக்கிறார். நம் உத்தரத்துக்கு அந்த வளைவு நடுவில் 212 மி.மீ. ஆழம் கேட்கிறது, நேர்க்கோட்டுச் சரிவு தருவதோ 200 தான். அந்த 12 மி.மீ. குறைதான் நடுப்பகுதியில் கூடுதல் தகைவாக வெளிப்படுகிறது.

இதை அறியாதவர் சுவரோரத்தை மட்டும் சரிபார்ப்பார். போதாது என்று தோன்றினால் அங்கேயே ஆழத்தைக் கூட்டுவார். 300ஐ 400 ஆக்கினால் சுவரோரத் தகைவு 2.25 ஆகக் குறையும். உண்மையான உச்சமோ 3 தான், அதுவும் நுனிக்கு இன்னும் அருகே நகர்ந்திருக்கும். பழைய உத்தரத்தின் நுனி ஆழத்தை 150 ஆக்கினால் உச்சம் சுவரோரத்துக்கே திரும்பி, 4 நியூட்டனில் நின்றுவிடும்.

ஆபத்தான இடத்தைக் கண்டுபிடிப்பது எளிது. ஆழம் நுனியாழத்தைப் போல் இரண்டு மடங்காகும் இடத்தை அளந்து பாருங்கள். தகைவின் உச்சம் அங்கேதான். சுவரோர ஆழமே இரண்டு மடங்கைத் தாண்டவில்லை என்றால் உச்சம் சுவரோரத்திலேயே இருக்கும். இந்த விதி அகலம் மாறாத, செவ்வகக் குறுக்குவெட்டுள்ள, நுனியில் சுமை தாங்கும் உத்தரத்துக்கே பொருந்தும். சுமை நீளம் முழுக்கச் சீராகப் பரவியிருந்தால், நுனியில் எவ்வளவு மெலிந்திருந்தாலும் உச்சத் தகைவு சுவரோரத்தில்தான்.